காலை எட்டு மணிக்கு வருகிறவர்

மெல்பர்ன், டாண்டெனாங்



என் பெரியம்மாவுக்கு வயது 79. மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய அடுக்ககத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறதி இரண்டு வருஷமாக. அவருடைய மகன், என் அண்ணா, பெங்களூரில். நான் இங்கே ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். ஆகவே குடும்பத்தில் யார் மாத்திரைச் சீட்டு எடுத்தாலும் படம் எனக்கு வரும். வருவதில் பாதிக்குப் பதில் சொல்லலாம். மீதிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்வேன்.

சென்ற வருஷம் பெரியம்மாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ஹெச்பிஏ1சி, 9.4 என்று வந்தது. தி.நகரில் அவர் பார்க்கும் சர்க்கரை மருத்துவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்களாம்மா?"

"ஒரு வேளை விடறதில்லை டாக்டர்."

பெரியம்மா பொய் சொல்லவில்லை. எடுத்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். டாக்டர் மருந்தைக் கூட்டினார். கலவை இன்சுலின் காலை 18 யூனிட், இரவு 12 யூனிட். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை. அடுத்த முறையும் சராசரி ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் அண்ணா லீவு போட்டு வந்து, எல்லா மருந்தையும் கடிகாரம் பார்த்துக் கையில் கொடுத்தார். நாலாவது ராத்திரி பெரியம்மாவின் புடவை வேர்வையில் நனைந்திருந்தது. பேச்சு குழறியது. மகனைப் பார்த்து "நீங்க யாரு?" என்றார். மறதி ஒரேயடியாக முற்றிவிட்டது என்றுதான் அண்ணா நினைத்தார். நல்லவேளை, குளுக்கோமீட்டர் பக்கத்தில் இருந்தது. 48.

நடந்தது இதுதான். விட்டுப்போன வேளைகளால்தான் சர்க்கரை ஏறியிருந்தது. அது தெரியாமல் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சாப்பிடாத மாத்திரைகளைக் கணக்கில் வைத்து எழுதப்பட்ட அளவு அது. ஒருவர் வந்து அத்தனையையும் ஒழுங்காகக் கொடுத்ததும் அந்த அளவு முழுசாக உடம்பில் இறங்கிவிட்டது. மறதி உள்ளவருக்குப் புதிதாக ஆள் போட்டு மருந்து கொடுக்கத் தொடங்கும்போது முதலில் டாக்டரிடம், "இதுவரை ஒழுங்காக எடுக்கவில்லை, இனி எடுப்பார், அளவைக் குறைக்க வேண்டுமா?" என்று கேட்டே ஆக வேண்டும். முதல் இரண்டு வாரம் காலையிலும் படுக்கும் முன்னும் விரல் நுனிச் சோதனை தேவை.

அந்த ராத்திரி இன்னொன்றும் நடந்தது. அண்ணா சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி கழித்துப் பார்த்தால் 55தான். வோக்லிபோஸின் வேலையே குடலில் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்துவது. நாம் காபிக்குப் போடும் சர்க்கரைக்கும் அதே கதிதான். இந்த மருந்து எடுப்பவருக்கு லோ சுகர் வந்தால் குளுக்கோஸ் பவுடர்தான் உடனே கேட்கும். 15 கிராம், தண்ணீரில் கலந்து. கால் மணி கழித்து மறுபடி சோதனை. நம் ஊரில் இந்த மூன்று கலந்த மாத்திரையை எழுதாத நாள் இல்லை. ஆனால் அதோடு ஒரு குளுக்கோஸ் டப்பாவும் வாங்கி வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிற கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆள் அரை மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

கிளிமிபிரைடு நீண்ட நேரம் உடம்பில் நிற்கும். சிறுநீரகம் சற்று தளர்ந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. சர்க்கரை ஒரு முறை ஏறினாலும் சில மணி நேரத்தில் மறுபடி விழலாம். அதனால் பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு நாளுக்கு மேல் டிரிப்ஸோடு வைத்துப் பார்த்தார்கள்.

வீடு திரும்பியதும் அண்ணாவிடம் ஒரு வேலை சொன்னேன். அலமாரி, பூஜை ரூம், தலையணை அடி, கைப்பை என்று எங்கே மாத்திரை இருந்தாலும் எடுத்து ஒரு போர்வையில் பரப்பி, வீடியோவில் காட்டச் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்தாளுநர் வீட்டுக்கே போய் இதைச் செய்ய அரசு பணம் தருகிறது, 2001லிருந்து. நான் அதைப் போனில் செய்தேன், அவ்வளவுதான்.

மூன்று விஷயம் தெரிந்தது. வாங்கிய தேதியையும் மிச்சத்தையும் கணக்குப் பார்த்தால், காலை மாத்திரை பெரும்பாலும் குறைந்திருந்தது, ராத்திரி மாத்திரை அப்படியே இருந்தது. ஒரு அட்டையில் மட்டும் நாள் கணக்குக்கு மேல் காலி. சில நாள் இரண்டு தடவை போட்டிருக்கிறார். குளுக்கோமீட்டரின் நினைவகத்தைப் புரட்டினால் 310, 284, இடையில் ஒரு 61. மேலேயும் கீழேயும் தாவுகிற இந்த எண்கள்தான் விட்டுப்போனதற்கும் இரட்டிப்பானதற்கும் அடையாளம். சராசரி இதைக் காட்டாது. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுக்கும் மறதி நோயாளிக்கு 6.5 என்று சராசரி வந்தால் நான் கை தட்டமாட்டேன், ராத்திரி எண்களைத்தான் கேட்பேன்.

மூன்றாவது, தி.நகர் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரையில் மெட்ஃபார்மின் இருக்க, மயிலாப்பூரில் குடும்ப டாக்டர் எழுதிய இன்னொரு கம்பெனி மாத்திரையும் மெட்ஃபார்மின்தான். நிறம் வேறு, பெயர் வேறு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படித்தால்தான் பிடிபடும். அடையாறில் இதய டாக்டர் கொடுத்த மெட்டோபிரோலாலும் அந்தக் குவியலில் இருந்தது. லோ சுகரில் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும், வேர்வையை மறைக்காது. அந்த ராத்திரி படபடப்பும் நடுக்கமும் இல்லாமல் வேர்வை தெரிந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

அண்ணா இந்த மருந்துகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு முதியோர் மருத்துவர் ஒருவரைப் பார்த்தார். சென்னையில் இந்தத் துறை புதிதல்ல. டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978லேயே அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இப்போது அடையாறுக்குப் பக்கத்திலேயே, கிண்டியில், 2024ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

அந்த டாக்டர் முதலில் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை. "வீட்டுக்குத் தினமும் யார் வர்றாங்க? எத்தனை மணிக்கு?"

சமையல் செய்யும் அக்கா வருகிறார், காலை எட்டு மணிக்கு. பத்தரைக்குப் போய்விடுவார். ராத்திரி யாரும் இல்லை.

"அப்ப எல்லா மருந்தும் எட்டு மணிக்கு."

இரண்டு வேளைக் கலவை இன்சுலினை நிறுத்தி, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜினைக் காலையில் ஒரே ஊசியாக ஆக்கினார். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டியில் முதியோருக்கென்று இருக்கும் பகுதி சொல்லும் கணக்கு எளிது: கலவை இன்சுலினின் மொத்த அளவில் 70 சதவீதம். பெரியம்மாவுக்கு 18ம் 12ம் சேர்ந்து 30; அதில் 21 வரும். லோ சுகர் வந்த உடம்பு என்பதால் டாக்டர் 18ல் தொடங்கினார். கிளிமிபிரைடும் வோக்லிபோஸும் வெளியே. மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் மட்டும், சிறுநீரக எண்ணைப் பார்த்து அளவு போட்டுக் காலை டிபனோடு. கூடவே லினாகிளிப்டின், ஒரு வேளை. தனியாக லோ சுகரை அவ்வளவாகக் கொண்டுவராது, சிறுநீரகத்துக்காக அளவை மாற்றவும் வேண்டாம். கொழுப்பு மாத்திரையும் ராத்திரி போட்டுக்கொண்டிருந்த மறதி மாத்திரை டொனெபெசிலும் காலைக்கு வந்தன. மெட்ஃபார்மின் பல வருஷம் எடுத்தால் பி12 குறையலாம், அதுவே மறதியைக் கூட்டும் என்று அந்தச் சோதனையும் எழுதினார்.

ஹெச்பிஏ1சி இலக்கை 8க்குக் கீழே என்று வைத்தார். அண்ணாவுக்கு அதில் மனசே இல்லை. ஏழுக்குக் கீழே வந்தால்தான் நல்லது என்று வருஷக்கணக்கில் கேட்டுப் பழகியவர். 79 வயதில் ஏழைத் துரத்துவதால் வரும் லாபத்தைக் காண இன்னும் பல வருஷம் வேண்டும். லோ சுகரில் விழுந்து இடுப்பு எலும்பு உடைய ஒரு ராத்திரி போதும் என்றார் டாக்டர்.

ஏழு நாள் மாத்திரைப் பெட்டி வாங்கலாமா என்று அண்ணா கேட்டார். இங்கே மருந்துக் கடையே ஒரு வாரத்து மாத்திரையை நாள், வேளை பிரித்து அட்டையில் அடைத்துத் தரும். நானும் தினம் அதைச் செய்கிறவன்தான். ஆனால் இன்று என்ன கிழமை என்பது தெரிகிறவருக்குத்தான் அது உதவும். பெரியம்மா புதன், வியாழன் இரண்டையும் ஒரே காலையில் திறந்துவிடுவார். அதனால் பெட்டியும் மொத்த இருப்பும் பூட்டிய அலமாரியில். சாவி அக்காவிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும். ஊசி போட அக்காவுக்குச் சர்க்கரை மருத்துவமனை நர்ஸ் கற்றுக்கொடுத்தார். அக்கா வராத ஞாயிற்றுக்கிழமைக்கு எதிர்வீட்டுக்காரரும் கற்றுக்கொண்டார்.

போட்டாச்சு என்பதை எழுத முதலில் தினக் காலண்டரை வைத்தோம். பெரியம்மா ஐம்பது வருஷப் பழக்கத்தில் விடிந்ததும் தாளைக் கிழித்துப் போட்டார், நேற்றைய கணக்கும் அதோடு போயிற்று. இப்போது கட்டம் போட்ட மாதக் காலண்டர். காலைச் சர்க்கரை, ஊசி யூனிட், மணி ஆகிய மூன்றும் அந்தக் கட்டத்தில். அக்கா அதைப் படம் எடுத்து அனுப்பும்போது இங்கே பகல் பன்னிரண்டரை தாண்டியிருக்கும், எனக்குச் சாப்பாட்டு இடைவேளை.

அலமாரிக் கதவில் டாக்டர் ஒப்புக்கொண்ட ஒரு வரி ஒட்டியிருக்கிறது: போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதே, சர்க்கரையைப் பார்த்துவிட்டு போன் பண்ணு. ஒரு நாள் விட்டால் பெரியம்மாவுக்குச் சர்க்கரை ஏறும், சமாளிக்கலாம். இன்சுலின் இரண்டு தடவை இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எல்லாருக்கும் இந்த வரி பொருந்தாது. சிறுவயதிலிருந்தே இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நோயாளிக்கு ஊசி விடுவதே ஆபத்து. ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் மாத்திரை எடுப்பவருக்கும் தனி விதி வேண்டும். அதை அவரவர் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

காலைச் சர்க்கரை 90க்கும் 150க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு வாரத்தில் பாதி நாள் 150 தாண்டினால் 2 யூனிட் கூட்டலாம். இரண்டு தடவைக்கு மேல் 80க்குக் கீழே போனால் 2 யூனிட் குறைக்க வேண்டும். இதுவரை குறைத்துத்தான் வந்திருக்கிறோம். 18, 16, இப்போது 14. சராசரி கடைசியாக 7.7. பெரியம்மா சாப்பாட்டில் கொஞ்சம் பின்வாங்குகிறார், எடையும் இறங்குகிறது. டொனெபெசில் பசியைக் குறைக்கும் என்பதால் அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை வரும்போது இன்சுலினையே நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அதுவரை இட்லி வேண்டாம் என்று தட்டைத் தள்ளுகிற காலைகளில் ஊசிக்கு முன்னால் தனக்கு போன் பண்ணும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.