சயாம் என்று சொல்லாதவர்கள்

எங்களிடம் 150 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வீடியோ இருக்கிறது. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பிறந்து, இப்போது தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வசிக்கும் பெரியவர்களை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வருஷக்கணக்காகப் பதிவு செய்தது. பெரும்பாலும் ஜப்பான்காரன் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள். கோப்புகளின் பெயரைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, எல்லாம் கேமரா வைத்த எண்கள்தான்.

என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1943இல் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டருக்கு ஜப்பானியர்கள் போட்ட ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். அவர்களில் இவரும் ஒருவர். திரும்பவில்லை. வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. எங்கள் பதிவுகளில் யாராவது அந்தத் தோட்டத்தைப் பற்றி, அந்த நாளைப் பற்றி ஒரு வரி சொல்லியிருப்பார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பசியாறும்போது இதைச் சொன்னேன். "அவ்ளோ நேரத்தையும் யாரு லா ஒக்காந்து பாக்குறது?" என்றான் நண்பன். நியாயமான கேள்வி.

பார்க்க வேண்டாம், தேடலாம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தியது 2022இல் வெளியான விஸ்பர். அது ஒவ்வொரு துண்டுப் பேச்சையும் எழுதி, அது எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்பதையும் தரும். அந்தத் துண்டுகளை ஒரு தரவுத்தளத்தில் போட்டுச் சொல்லடைவு செய்துவிட்டால், சொல்லைக் கொடுத்ததும் வீடியோவும் நொடியும் வந்துவிடும். ஒரு வாக்கியம் இரண்டு துண்டுகளில் உடைந்து கிடந்தால் தேடலில் மாட்டாது. அதனால் மூன்று மூன்று துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படிச் சேர்த்துப் போட்டோம்.

தரவுத்தளம் SQLite. அதில் FTS5 என்ற தேடுபகுதி இருக்கிறது. தமிழில் வேலை செய்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இது. இதன் வழக்கமான அமைப்பு, எழுத்து, எண் ஆகிய வகைக் குறிகளை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் யூனிகோடில் நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து வகையில் இல்லை, அவை 'குறி' என்ற தனி வகை. ஆகவே அவை வரும் இடத்திலெல்லாம் சொல் வெட்டுப்படும். 'கூலி' என்பது 'க', 'ல' என்று இரண்டு துண்டாகும். 'காலை'யும் அதே 'க', 'ல'தான். 'கோலாலம்பூர்' கூட அதே மாதிரிதான் தொடங்குகிறது. கூலி பற்றிப் பேசியவர்களைத் தேடினால் காலையில் பால் வெட்டப் போனவர்களும் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறியவர்களும் வரிசையாக வருவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. விடைகள் நிறைய வருவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். எந்தத் தேடலிலும் முதல் பத்து விடைகளைக் கண்ணால் படித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். தீர்வு ஒரே வரி, குறி வகைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வது:

```
CREATE VIRTUAL TABLE pechu USING fts5(
  urai, video UNINDEXED, nodi UNINDEXED,
  tokenize = "unicode61 categories 'L* N* Co Mn Mc'"
);
```

அடுத்தது வேற்றுமை. யாரும் வெறும் 'சயாம்' என்று சொல்லி நிறுத்துவதில்லை. சயாமுக்கு, சயாமுல, சயாம்லேர்ந்து. முன்பாதியை வைத்துத் தேடலாம், ஆனால் புள்ளியை எடுத்துவிட வேண்டும். 'சயாம்' என்பதில் கடைசியில் இருக்கும் புள்ளி 'சயாமுக்கு' என்பதில் கிடையாது. 'சயாம' வரைதான் இரண்டுக்கும் பொது.

```
SELECT video, nodi, urai FROM pechu
WHERE pechu MATCH 'சயாம* OR ரயில* OR ரெயில*';
```

இதற்குப் பின்னும் ஒரு சிக்கல் இருந்தது. மென்பொருள் பழகிய பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலம், தமிழின் பங்கு சிறியது. அதிலும் நம் தோட்டத்துத் தமிழ் எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பல் போன வாயிலிருந்து வரும் 'சயாமு' சில இடங்களில் 'சாயம்' ஆகியிருந்தது. 'புடிச்சிக்கிட்டுப் போய்ட்டான்' என்பதை ஓரிடத்தில் அப்படியே எழுதும், இன்னோரிடத்தில் 'பிடித்துக்கொண்டு போய்விட்டான்' என்று வாத்தியார் மாதிரி திருத்தி எழுதும். தோட்டத்தின் பெயர் இன்னும் மோசம். 'புக்கிட் ராஜா' ஒரு சொல்லா இரண்டு சொல்லா, 'ட்' உண்டா இல்லையா என்பதில் அதற்கே ஒரு முடிவு கிடையாது. பெரியவர்கள் பாதி நேரம் தோட்டத்தின் பெயரையே சொல்வதில்லை, இத்தனாவது கட்டை என்றுதான் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வேறு வடிவங்களை எழுதிய ஒரு பட்டியல் வைத்துக்கொண்டோம். 'மரண ரயில்' என்று தேடினால் அநேகமாக ஒன்றும் வராது. அது புத்தகத்தில் வந்த பெயர், அனுபவித்தவர்களின் வாயில் அது இல்லை.

இப்படியெல்லாம் செய்தும் எங்கள் தோட்டத்தைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில், யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்களின் சாட்சியங்களைச் சேர்க்க 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையிடம் 50,000க்கும் மேற்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. அவர்கள் பேச்சை எழுத்தாக்கித் தேடும் வழியில் தொடங்கவில்லை. ஆட்களை வைத்துப் பார்க்கச் செய்து, நிமிடத்துக்கு நிமிடம் எதைப் பற்றிய பேச்சு என்று முன்பே வகுத்த சொற்பட்டியலிலிருந்து குறித்தார்கள். படித்தபோது இது பழங்கால வேலை என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் நாங்களும் ஆளுக்குச் சில மணி நேரம் பிரித்துக்கொண்டு, எழுத்துப்படியைப் பக்கத்தில் வைத்துக் கேட்க ஆரம்பித்தோம். எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். பேச்சே இல்லாத இடத்திலும் விஸ்பர் சில சமயம் எதையாவது எழுதிவிடும். ஒரே வரி நாலு தரம் வந்தாலோ, யாரும் கேட்காத 'நன்றி வணக்கம்' நடுவில் முளைத்தாலோ, அங்கே பெரும்பாலும் யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு 'நன்றி வணக்கம்' ஒரு பாட்டியின் பதிவில் 41ஆவது நிமிடத்தில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். அவர் எங்கள் தோட்டத்துக்காரர். லாரி வந்ததைச் சொல்கிறார், "அரிசி குடுக்குறேன்னு கூப்டாங்க" என்கிறார், பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் சட்டையை மாற்றிக்கொண்டு ஏறியதைச் சொல்கிறார். "அங்க போனவங்க யாரும்..." என்று நிறுத்திவிட்டார். அதன் பிறகு இருபது நொடிகள் போல எதுவும் இல்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும். சயாம் என்ற சொல்லும் ரயில் என்ற சொல்லும் அந்தப் பதிவு முழுவதிலும் ஓரிடத்தில்கூட இல்லை. அந்தப் பையன் என் பெரிய தாத்தாவா என்பதைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை. பாட்டி பெயர் சொல்லவில்லை, கேமராவுக்குப் பின்னால் இருந்தவரும் கேட்கவில்லை.

அந்த வரியை அடைவிலிருந்து நீக்கிவிட்டு, அதே நொடியில் எங்கள் சொற்பட்டியலிலிருந்து நாலு சொற்களைச் சேர்த்தேன்: சயாம், லாரி, அரிசி, மௌனம். நாலாவது அதுவரை பட்டியலில் இல்லை. இப்போது அதைத் தேடினால் 17 இடங்கள் வருகின்றன. நாங்கள் கேட்டு முடித்தது இன்னும் 30 மணி நேரம்கூட இல்லை.