நகோமிக்குப் பிறந்த பிள்ளை

கனகசெட்டிக்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் கடல் காற்று ஏறினால் சிமெண்டுத் தரையில் நைசாக மணல் படிந்துவிடும். ஆயா விளக்குமாற்றோடு வருவதற்குள் தாத்தா அந்த மணலில் விரலால் எழுத்து எழுதிக் காட்டுவார். தமிழ் எழுத்து அல்ல, எபிரேய எழுத்து. தாத்தா பல ஊர்களில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். இளவயதில் இறையியல் பள்ளியில் படித்ததில் கடைசி வரை அவரை விடாமல் பிடித்துக்கொண்டது எபிரேயம்தான். கிட்டல் பதிப்பித்த எபிரேய வேதாகமம் ஒன்று அவரிடம் இருந்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் அச்சானது. அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருப்பார். பக்கத்திலேயே தமிழ் வேதாகமம், 1871இல் பவர் ஐயர் குழுவினர் முடித்த மொழிபெயர்ப்பு. ஒன்றைத் திறந்தால் இன்னொன்றையும் திறந்துதான் வைப்பார்.

எனக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்த எழுத்து லாமேத். அகர வரிசையில் அது பன்னிரண்டாவது. ஆனாலும் அதில் தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. எபிரேயத்தில் மற்ற எழுத்துகள் எல்லாம் மேலே ஒரு மட்டத்தில் நின்றுவிடும். லாமேத் மட்டும் அந்த மட்டத்தைத் தாண்டிக் கழுத்தை நீட்டும். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தால் படிக்கத் தெரியாத குழந்தைகூட லாமேத் எங்கெங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்துவிடும். நான் வலமிருந்து இடமாக விரலை ஓட்டிக்கொண்டே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவேன். “சொல்லுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கிறத மட்டும் காட்டு பாப்பா” என்பார் தாத்தா.

அதில்தான் சிக்கல். லாமேத் சாதாரண ‘ல’ எழுத்தும்கூட. பெறுதல், பிறத்தல் என்ற பொருள் தரும் யாலத் என்ற வினையின் நடுவிலேயே ஒரு லாமேத் இருக்கிறது. அதனால் வம்சவரலாறு வரும் பக்கங்களில் நீண்ட கழுத்துகள் கூட்டமாகத் தெரியும். லாபான் என்ற பெயர் லாமேத்தில்தான் தொடங்குகிறது. அது பெயரின் சொந்த எழுத்து. முன்னால் வந்து ஒட்டியது அல்ல. தாத்தா சொல்லிக்கொடுத்த சோதனை எளிது. லாமேத்தை விரலால் மூடிவிட்டு மிச்சத்தைப் படி. மிச்சம் முழுச் சொல்லாக, முழுப் பெயராக நின்றால் மூடியது உருபு. நிற்காவிட்டால் அது அந்தச் சொல்லின் உறுப்பு. எல்லா இடத்திலும் இது போதாது என்றாலும் பெயர்கள் அடுக்கி வரும் வரிகளில் பெரும்பாலும் கைகொடுக்கும்.

அந்த உருபை ‘லெ’ என்று சொல்ல வேண்டும். தமிழில் ‘கு’ பெயருக்குப் பின்னால் வருகிறது. எபிரேயத்தில் ‘லெ’ முன்னால் வருகிறது. வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஊருக்குப் போனேன் என்பதற்கும் ‘லெ’. உனக்கு வைத்திருக்கிறேன் என்பதற்கும் ‘லெ’. எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதற்கும் ‘லெ’. இந்த மூன்றாவதை ஆங்கிலம் படித்தவர்களுக்கு விளக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது என்று தாத்தா சொல்வார், ஏனென்றால் ஒரு பொருளைக் ‘கொண்டிருப்பதற்கு’ எபிரேயத்தில் தனி வினைச்சொல் கிடையாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது விளக்காமலே புரியும். வீடு எனக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அவர் எனக்குக் காட்டியது ரூத்தின் புத்தகம் நான்காம் அதிகாரத்தில். கதை தெரிந்ததுதான். பெத்லகேமில் பஞ்சம் வந்து நகோமியின் குடும்பம் மோவாபுக்குப் போகிறது. அங்கே கணவன் சாகிறான், இரண்டு மகன்களும் சாகிறார்கள். மூத்தவன் மக்லோனின் விதவை ரூத், மாமியாரை விடாமல் கூடவே பெத்லகேமுக்கு வருகிறாள். அங்கே இறந்தவனின் உறவினரான போவாஸ் அவளை மணக்கிறார். ஒரு ஆண் குழந்தை பிறக்கிறது.

அந்தக் குழந்தை யாருடையது என்பதைச் சொல்லும் சில வசனங்களுக்குள் ‘லெ’ திரும்பத் திரும்ப வருகிறது. திருமணத்துக்கு வாழ்த்துச் சொல்லும் ஊர்ப் பெரியவர்கள் பேரேசை நினைவுகூர்கிறார்கள், யூதாவுக்குத் தாமார் பெற்ற பிள்ளை அவன். இங்கே பெற்றவள் எழுவாய்; ‘லெ’ தகப்பன் பெயரின் முன் நிற்கிறது. அடுத்து, ரூத் போவாசுக்கு மனைவியாகிறாள். இங்கே ‘லெ’ இரண்டு முறை வருகிறது. முதலாவது ‘அவருக்கு’. இரண்டாவது ‘மனைவியாக’. ஒன்று இன்னொன்றாக மாறுவதைச் சொல்ல எபிரேயம் அதே உருபைத்தான் பயன்படுத்துகிறது. குழந்தை பிறந்த பிறகு பெண்கள் நகோமியிடம், இவன் உன் உயிரை மீட்பவனாகவும் முதுமையில் உன்னைத் தாங்குவதற்கும் இருப்பான் என்ற பொருளில் பேசுகிறார்கள். ‘தாங்குவதற்கு’ என்பதிலும் அதே ‘லெ’ வினையின் முன் நிற்கிறது. நம் ‘அதற்கு’ அங்கே வந்து கச்சிதமாகப் பொருந்துவதைத் தாத்தா விரலால் தட்டிக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் வருவதுதான் முக்கியமான இடம். அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தைக்கு ஓபேத் என்று பெயர் வைக்கிறார்கள். வைக்கும்போது, நகோமிக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்கிறார்கள். ரூத்துக்கு என்று சொல்லவில்லை, போவாசுக்கு என்றும் சொல்லவில்லை. விரலால் லாமேத்தை மூடிப் பார்த்தால் மிச்சம் நகோமி என்ற பெயர் முழுசாக நிற்கிறது. சந்தேகமே இல்லாத உருபு.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. “பெத்தது ரூத்துதானே தாத்தா?” என்று கேட்டேன். பேரன் என்றால் சரி, எங்கள் ஊரிலும் அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று தாத்தா பாட்டிகளைக் காட்டித்தான் பேசுவார்கள். மகன் என்று எப்படிச் சொல்லலாம்?

தாத்தா இரண்டு விஷயம் சொன்னார். எபிரேய வேதாகமத்தில் ‘பென்’ என்றால் மகன். ஆனால் பேரனையும் அப்படிச் சொல்வதுண்டு. நாகோரின் பேரனான லாபானை நாகோரின் மகன் என்றே ஆதியாகமம் ஒரு இடத்தில் குறிக்கிறது. அதனால் அந்தச் சொல்லை வைத்துச் சண்டை போட முடியாது. இரண்டாவது, இந்தக் குழந்தைக்கும் நகோமிக்கும் நெருங்கின ரத்த உறவு என்று எதுவும் இல்லை. அவள் மகன் செத்துப் போனான். மருமகள் வேறொருவரை மணந்து பெற்ற பிள்ளை இது. பேரன் என்பதே அங்கே சட்டத்தால் வந்த உறவு. அப்படியிருக்க ‘லெ’ இங்கே சொல்வது யார் பெற்றார் என்பதை அல்ல, யார் வீட்டுக்கு வந்தது, யாருக்கென்று வந்தது என்பதை.

ஆயா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “பெத்தவ பெத்தா. எடுத்து மடியில வச்சி வளத்தவ யாரு? அவளுக்குப் பொறந்ததுதான் அது” என்றாள். தாத்தா சந்தோஷத்தோடு பக்கத்தைத் திருப்பி முந்தின வசனத்தைக் காட்டினார். நகோமி பிள்ளையை எடுத்து மடியில் வைத்து அவனுக்கு வளர்ப்புத் தாயானாள் என்று இருந்தது. அங்கேயும் ‘அவனுக்கு’ என்பதில் ‘லெ’. பிள்ளை அவளுக்கு, அவள் பிள்ளைக்கு. எபிரேயத்தில் ஒரு எழுத்தும், தமிழில் ஒரு எழுத்தும் இரண்டு பக்கமும் போய் வருகின்றன.

இதே அதிகாரத்தில் அந்தக் குழந்தையின்மேல் இன்னொருவருக்கும் உரிமை இருக்கிறது. இறந்துபோன மக்லோனின் பெயர் அழியாமல் இருக்கவே ரூத்தை மணப்பதாகப் போவாஸ் ஊர் வாசலில் சாட்சிகள் முன் சொல்கிறார். அந்தக் கணக்குப்படி பிள்ளை மக்லோனின் வாரிசு. ஆனால் புத்தகத்தின் கடைசியில் பேரேஸ் தொடங்கித் தாவீது வரை பத்துத் தலைமுறைப் பட்டியல் வருகிறதே, அதில் மக்லோன் இல்லை, நகோமி இல்லை, ரூத்கூட இல்லை. போவாஸ் ஓபேதைப் பெற்றான், அவ்வளவுதான். அங்கே ஒரு இடத்திலும் பெயருக்கு முன்னால் ‘லெ’ ஒட்டவில்லை. பெறச் செய்தான் என்ற பொருளுள்ள ‘ஹோலித்’ என்ற வினை வருகிறது, பிள்ளை பெயருக்கு முன் செயப்படுபொருள் குறியான ‘எத்’ வருகிறது, தமிழில் ‘ஐ’. ‘ஐ’ வரிசை தகப்பனிலிருந்து மகனுக்கு ஒரே கோடாக இறங்குகிறது. ‘கு’ வரிசையில் மாமியாருக்கும் இடம் இருக்கிறது, செத்தவனுக்கும் இடம் இருக்கிறது. எனக்கு அந்த வயதிலேயே ‘கு’ வரிசைதான் பிடித்தது.

நம் கரையிலேயே தெற்கே, தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கி ரூத்தின் புத்தகம் வரை முடித்தார், 1719இல் இறந்துவிட்டார். தொடர்ந்து முடித்தவர் ஷுல்ட்சே. தன் கைவேலை இந்தப் பட்டியலோடு நிற்கும் என்று சீகன்பால்குவுக்குத் தெரிந்திருக்காது என்று சொல்லும்போது தாத்தாவின் குரல் தழுதழுக்கும்.

‘லெ’ எல்லா இடத்திலும் ‘கு’ ஆகாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. யூதேயாவில் எசேக்கியா அரசன் காலத்து ஜாடிகளின் கைப்பிடிகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் குத்தியிருக்கும் முத்திரையில் ‘லெமெலெக்’ என்று இருக்கிறது. அரசனுக்கு என்றும் படிக்கலாம், அரசனுடையது என்றும் படிக்கலாம். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பதுபோல உடைமையைக் காட்டுகிறதா, அனுப்ப வேண்டிய இடத்தைக் காட்டுகிறதா என்று அந்த எழுத்து மட்டும் சொல்லிவிடாது. தமிழில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும்.

வம்ச வரியிலும் அப்படி ஒரு இடம் உண்டு. சவுல் ராஜாவுக்குச் சுரமண்டலம் வாசிக்க ஆள் தேடும்போது ஒரு வேலைக்காரன் தாவீதைப் பற்றிச் சொல்கிறான். ‘பென் யிஷை’ என்று சொல்லியிருந்தால் ஈசாயின் மகன், இன்னான் என்று தெரிந்த மகன் என்றாகும். அவன் இடையில் லாமேத்தை வைத்து ‘பென் லெயிஷை’ என்கிறான். ஈசாய்க்கு எட்டு மகன்கள். அவர்களில் ஒரு மகன், பெயர் சொல்லும் அளவுக்கு ராஜாவுக்குத் தெரியாதவன். தமிழில் ‘ஈசாயின் மகன்’ என்றால் இந்த வேறுபாடு போய்விடும், ‘ஈசாய்க்கு ஒரு மகன் இருக்கிறான்’ என்றால் அப்படியே வந்துவிடும். பின்னால் சவுலுக்கு அவன்மேல் பகை முற்றியபோது, சில இடங்களில் தாவீது என்ற பெயரை வாயில் எடுக்காமல் ‘பென் யிஷை’ என்றே குறிப்பிடுகிறார். அங்கே லாமேத் இல்லை. இப்போது எந்த மகன் என்று எல்லோருக்கும் தெரியும்.