பாதிப் பேர் போனார்கள், பாதித் தண்ணீர் போனது

ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ வந்தாலே அதற்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பார்த்து வினையைப் போடு என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். பின்னத்திலும் சதவீதத்திலும் அந்த விதி பிள்ளைகளைத் தவறாகக் கொண்டுபோய் விடுகிறது. ‘ஒன் தேர்ட் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் ‘ஆர்’தான் வரும். ‘ஒன்’ என்று இருக்கிறதே, ஒருமைதானே என்று கேட்பார்கள். அப்படியானால் ‘டூ தேர்ட்ஸ் ஆஃப் த வாட்டர்’ என்பதற்கு ‘ஆர்’ போடவேண்டும். யாரும் போடுவதில்லை, ‘இஸ்’ என்றே எழுதுகிறார்கள். பின்னம் அளவை மட்டும் சொல்கிறது, ஒருமையா பன்மையா என்பதை ‘ஆஃப்’புக்குப் பின்னால் வரும் பெயர் தீர்மானிக்கிறது. சதவீதத்துக்கும் இதே கதைதான். தமிழிலும் பாருங்கள்: கூட்டத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள், தொட்டியில் பாதித் தண்ணீர் போய்விட்டது.

‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்பதும் ‘பல மாணவர்கள்’ என்ற அளவுதான், அதனால் ‘ஹேவ் கம்’. ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் பேச்சு எண்ணிக்கையைப் பற்றியது. கூடுவதும் குறைவதும் அந்த எண்ணிக்கைதான், மாணவர்கள் அல்ல. அதனால் ‘ஹேஸ் இன்க்ரீஸ்ட்’. பழைய விதி இங்கே மட்டும் சரியாகப் பொருந்துகிறது. குழப்பமே இதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

‘தர்ட்டி பர்சென்ட் ஆஃப் த பாப்புலேஷன்’ என்று வரும்போது மட்டும் இழுபறி. மக்களை ஒரே திரளாகப் பார்த்தால் ‘இஸ்’, தனித்தனி ஆட்களாகப் பார்த்தால் ‘ஆர்’. இரண்டையும் நல்ல எழுத்தில் பார்க்கலாம். பிறகு ஏன் தேர்வுத்தாளில் ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் தரவேண்டும்?