நான்கு கறுப்புக் காய்கள்

வல்லவன் ஒருவனும் வளர்பவன் ஒருவனும் ஒரே பலகையின் முன் அமர்ந்து, இருவருக்கும் வெற்றி வாய்ப்புச் சமமாக இருக்கும்படி ஆட முடியுமா? சதுரங்கத்தில் வல்லவர் தம் ராணியையோ யானையையோ எடுத்துவிட்டு ஆடுவதுண்டு. ஆனால் ராணி இல்லாத சதுரங்கம் வேறொரு சதுரங்கமாகிவிடுகிறது. நம் ஊர் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் சமமாகப் போரிடுகின்றன. எனினும் அங்கே இரு தரப்பாரும் ஆடுவது ஒரே ஆட்டம் அன்று. புலியின் வேலை வேறு, ஆட்டின் வேலை வேறு. ஆட்டத்தின் இயல்பு கெடாமல் பலத்தை மட்டும் சமன் செய்யும் வழியை நான் கண்டது கோ என்னும் ஆட்டத்தில்தான்.

மேற்படிப்பின் பொருட்டு இரண்டாண்டுக் காலம் நான் ஜப்பானில் தங்கியிருந்தேன். அங்கே சிற்றூர்களிலும்கூடக் கோ மன்றங்கள் உண்டு. சிறு கட்டணம் செலுத்தினால் மாலை முழுவதும் ஆடலாம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே எனக்கு வழக்கமான எதிராளியாக வாய்த்தார். தரவரிசையில் அவர் என்னைவிட நான்கு படிகள் மேலே. ஒரு படிக்கு ஒரு காய் என்பது அமெச்சூர் ஆட்டக்காரர்களிடையே உள்ள கணக்கு. ஆகவே அவர் வெள்ளைக் காயை எடுப்பதற்கு முன்பே என் கறுப்புக் காய்கள் நான்கு பலகையில் அமர்ந்திருக்கும்.

காய்கள் எங்கே அமரும்?

கோ பலகையில் நெடுக்கே 19 கோடுகள், குறுக்கே 19 கோடுகள். காய்களைக் கட்டங்களில் அன்றிக் கோடுகள் சந்திக்கும் 361 புள்ளிகளில் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. நாலாபுறமும் சூழப்பட்டால் மட்டுமே அது எடுக்கப்படும். இறுதியில் அதிக நிலத்தை வளைத்தவருக்கே வெற்றி.

பலகையில் ஒன்பது புள்ளிகள் மட்டும் கரும்பொட்டிட்டுக் காட்டப்பட்டிருக்கும். ஜப்பானியர் இவற்றை ஹோஷி, அதாவது விண்மீன் என்பர். முன்காய்கள் அமர்வது இவற்றின் மேல்தான். இரண்டு காய் என்றால் கறுப்பரின் வல மேல் மூலையிலும் இட கீழ் மூலையிலும். மூன்றாவது வல கீழ் மூலையில். நான்கு என்றால் எல்லா மூலைகளிலும். ஐந்தாவது காய் நட்ட நடுவில் வரும். ஆறு என்றால் நடுக்காயை நீக்கி, இட வலப் பக்கங்களின் நடு விண்மீன்களில் ஒவ்வொன்று. இவ்வாறே ஒன்பது வரை செல்லும். பழைய சீன வழக்கில் கறுப்பர் தம் விருப்பம்போல் எங்கும் வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிய வழக்கில் இடம் மாறாது.

மூலை விண்மீன் இரு ஓரங்களிலிருந்தும் நான்காவது கோட்டில் உள்ளது. இதில்தான் புதியவர் ஏமாந்து போகிறார். மூலையில் காய் இருப்பதால் மூலை தமக்கே சொந்தம் என்று எண்ணிவிடுகிறார். உண்மை அதுவன்று. இரு ஓரங்களுக்கும் மூன்றாவது கோட்டில் ஒரு புள்ளி உண்டு. மும்மூன்று என்று வைத்துக்கொள்வோம். எதிராளி அங்கே நுழைந்தால் பெரும்பாலும் உள்ளேயே பிழைத்துக்கொள்வார். ஆக, முன்காய் என்பது வேலி கட்டிய நிலமன்று. நடுப்பலகையையும் பக்கங்களையும் நோக்கி நிற்கும் காவல் கோபுரம் அது. நிலத்தைக் காக்கத் துடிப்பவர் அதை வீணாக்குகிறார். சண்டைக்குத் துணையாகக் கொள்பவர் பயன்பெறுகிறார்.

நான்கு காய்களின் விலை

சமமான இருவர் ஆடும்போது கறுப்பர் முதலில் வைப்பதால் அவருக்கு ஓர் ஆதாயம் உண்டு. அதை ஈடுசெய்ய இன்று ஜப்பானில் வெள்ளைக்கு 6.5 புள்ளிகள் தருகிறார்கள். இதற்குக் கோமி என்று பெயர். முதல் காயை வைப்பது அரைக் காய் முன்னிலைக்குச் சமம் என்பதால், ஒரு முழுக் காயின் மதிப்பு தொடக்கத்தில் சுமார் 13 புள்ளிகள் என்றாகிறது. நான்கு காய்களை வைத்துவிட்டு வெள்ளைக்கு முறையைத் தந்தால் கறுப்பரின் முன்னிலை மூன்றரைக் காய். ஏறக்குறைய 45 புள்ளிகள்.

கேட்பதற்குப் பெருஞ்செல்வமாகத் தோன்றும். ஆனால் ஓர் ஆட்டத்தில் 240 காய்கள் வைக்கப்பட்டால் வெள்ளையின் பங்கு 120. ஒவ்வொரு காயிலும் அரைப் புள்ளிக்கும் குறைவாக மிச்சம் பிடித்தாலே 45-ஐயும் அவர் மீட்டுவிடுவார். ஆகவே வல்லவர் நம்மை ஒரே அடியில் வீழ்த்தத் தேவையில்லை. ஒழுகும் பானையின் கீழ் ஏனத்தைப் பிடித்திருந்தாலே போதும். அவர் வைத்த இடத்திற்கு அருகிலேயே நாமும் பதில் வைத்துக்கொண்டிருந்தால் பானை ஒழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. கடைசியாக வைத்த பத்துக் காய்களைப் பாருங்கள். பத்தும் எதிராளியின் காய்க்குப் பக்கத்திலேயே கிடந்தால் ஆட்டத்தை நடத்துபவர் அவரே.

ஒரு மாலை ஆட்டம்

நான் வகுத்துக்கொண்ட திட்டம் இரண்டே வரிகளில் அடங்கும். வெள்ளைக் காய்களைப் பிரித்து வைக்க வேண்டும். என் காய்கள் நடுப்பலகையோடு தொடர்பு இழக்கக் கூடாது. இத்திட்டம் பலகையில் எப்படி நடந்தது என்பதை ஒரு மாலை ஆட்டத்தைக் கொண்டு சொல்கிறேன்.

ஆசிரியர் தம் முதல் காயை என் வல கீழ் மூலையை நெருங்கி வைத்தார். வல ஓரத்திலிருந்து மூன்றாவது கோடு, கீழிருந்து ஆறாவது. நான் மூலைக்குக் காவல் போடவில்லை. வலப் பக்கத்தின் நடு விண்மீனில் வைத்து, அந்தக் காயை மேற்புறமிருந்து நெருக்கினேன். வல மேல் மூலையில் என் முன்காய் துணை நின்றதால் இந்த நெருக்குதலுக்கு வலு இருந்தது.

அவர் உடனே மூலையின் மறுபுறத்திலும் ஒரு காய் வைத்தார். கீழிருந்து மூன்றாவது கோடு, வலமிருந்து ஆறாவது. இப்போது என் மூலைக்காய் இரு வெள்ளைகளுக்கு நடுவே. முன்காய் ஆட்டத்தில் இளையவரை அச்சுறுத்த வல்லவர்கள் அடிக்கடி கையாளும் முறை இது. இங்கே ஒரு பழைய அறிவுரை உண்டு: இரு காய்களில் எது வலியதோ அதன்மேல் போய் ஒட்டு. ஒட்டினால் எதிராளி அந்தக் காயை மேலும் பலப்படுத்திக்கொள்வார். ஏற்கெனவே வலிய காய் இன்னும் வலுப்பெறுவதால் நமக்கு இழப்புச் சிறிது. மெலிந்த காய்மேல் ஒட்டினாலோ, நாம் தாக்க வேண்டிய இரையை நாமே கொழுக்க வைத்தவர்களாவோம்.

வலக்காய் என் நெருக்கலில் சிக்கியிருந்தது. கீழ்க்காய்க்கு இடப்புறம் திறந்த வெளி. எனவே கீழ்க்காயின் தலைமேல் ஒட்டினேன். அவர் இடப்புறமாக வளைந்து என் காயின் பக்கத்தை அடைத்தார். நான் மேல்நோக்கி ஒரு புள்ளி நீண்டேன். நடுப்பலகைக்கு வழி திறந்துவிட்டது.

பிறகு அவர் எதிர்பார்த்தபடியே மும்மூன்றில் நுழைந்தார். எந்தப் பக்கம் தடுப்பது என்பதே கேள்வி. தனியே நின்ற வலக்காயோடு மூலை சேராதபடி நான் வலப்புறம் தடுத்தேன். அவர் விண்மீன் காயின் கீழே வைத்து, தம் கீழ்க்காயை நோக்கி வந்தார். அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு காயைத் திணித்தேன். அவர் கீழாகச் சுற்றி அதைப் பிடிக்க வந்தார். நான் மேலே இணைத்துக் காப்பாற்றிக்கொண்டேன். இப்போது அவர் வரிசையில் ஒரு வெட்டுவாய் தெரிந்தது. அதை அடைக்க அவர் ஒரு காய் செலவிட வேண்டியதாயிற்று. மூலை அவருடையது. ஆனால் வெளிச்சுவரும் அடுத்த முறையும் என்னுடையவை.

தனித்து நின்ற வலக்காய் இப்போது என் சுவருக்கும் நடு விண்மீனுக்கும் இடையே அகப்பட்டிருந்தது. வலமிருந்து ஐந்தாவது, கீழிருந்து எட்டாவது புள்ளியில் வைத்து அதன் தலையை மூடினேன். அதைக் கொன்றே தீர்வது என்று இளையவர் கிளம்புவது இவ்விடத்தில்தான். கொல்ல வேண்டுமானால் உள்ளே புகுந்து நெருக்க வேண்டும். புகுந்தால் சுவரில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் நுணுக்கமான கைகலப்பு மூளும். கைகலப்பில் வெல்பவர் ஆழமாக எண்ணிப் பார்க்கக் கூடியவர், அதாவது எதிராளி. ஆகவே நான் வெளியிலிருந்தே ஒவ்வொரு வாயிலாக மூடினேன். அவர் ஓரத்தில் இரண்டு கண்கள் செய்து நான்கைந்து புள்ளிகளோடு பிழைத்தார். அவர் உயிர் பிழைக்கச் செலவிட்ட காய் ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதிலாக ஒரு சுவர்க்கல் கிடைத்தது.

அச்சுவரை என்ன செய்வது? அதன் முன்னால் வேலியிட்டு நிலமாக்கினால் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் தேறும், அவ்வளவுதான். சுவரை நோக்கி எதிராளியை விரட்டுவதே அதன் சரியான பயன். சற்றுப் பின்னர் அவர் வல மேல் மூலையை மேற்புறமிருந்து நெருங்கியபோது, அந்தக் காயை இடப்புறமிருந்து நெருக்கி, கீழே என் சுவர் இருக்கும் திசையில் ஓடவிட்டேன். அது ஓடிக் களைத்துப் பிழைப்பதற்குள் மேற்பக்கம் முழுவதும் என் நிலமாயிற்று.

அதற்கு மேல் நான் செய்தது முன்னிலையைச் சிக்கலின்றிக் கரை சேர்த்தது மட்டுமே. இரண்டு வழிகள் தெரிந்த இடங்களிலெல்லாம், எல்லை தெளிவாகத் தீர்ந்துவிடும் வழியையே தேர்ந்தேன். அதில் ஒன்றிரண்டு புள்ளிகள் குறைந்தாலும் பொருட்படுத்தவில்லை. தீர்ந்த எல்லையில் வல்லவருக்கு வித்தை காட்ட இடமில்லை. எண்ணிப் பார்த்தபோது 11 புள்ளிகளில் கறுப்பு வென்றது. தொடக்கத்து 45-இல் 34 அவரிடம் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முன்காய்க்காரன் முழுச் செல்வத்தையும் காக்க வேண்டியதில்லை. கடைசிக் காய்வரை கொஞ்சம் மிச்சமிருந்தால் போதும்.

காய் குறையும் நாள்

இச்சலுகை நிலையானதன்று. 1846-இல் இளைஞரான ஷுசாக்கு, அந்நாளைய பெரும் ஆட்டக்காரர் கென்னான் இன்செகியோடு ஒசாகாவில் இரண்டு முன்காய்களுடன் ஆடத் தொடங்கினார். இரு காய் தந்து இவரை வெல்ல இயலாது என்று கண்ட இன்செகி ஆட்டத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டார். அடுத்து முன்காய் இன்றி, கறுப்புக்கு முதல் முறை மட்டும் என்று ஆடினார்கள். அதிலும் ஷுசாக்குவே இரண்டு புள்ளிகளில் வென்றார். 'காது சிவந்த ஆட்டம்' என்று இன்றும் பேசப்படுவது அதுதான்.

எங்கள் மன்றத்தில் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் வென்றால் ஒரு காயைக் குறைத்துவிடுவார்கள். எனக்கும் அந்நாள் வந்தது. மூன்று காய் ஆட்டத்தில் கறுப்பரின் இட மேல் மூலை வெறுமையாக இருக்கும். வெள்ளை பெரும்பாலும் தம் முதல் காயை அங்கேதான் வைப்பார். நான்கு காய் ஆட்டத்தில் அவர் கால் ஊன்றிய இடமெல்லாம் என் காவலுக்குள் இருந்தது. இப்போதோ அவருக்கென்று ஒரு வீடு உண்டு. விரட்டப்படும் வெள்ளைக் காய் அவ்வீட்டை நோக்கி ஓடும். ஆகவே அந்த மூலையிலிருந்து வெளியே வரும் இரு பாதைகளில், என் முன்காய்களுக்கு அருகிலுள்ளதை முதலில் மறிக்க வேண்டும் என்று ஆசிரியர் விரலால் பலகைமேல் கோடிழுத்துக் காட்டினார். பிறகு என் நான்காவது காயை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.