பின்னாலிருந்து எண்ணும் டீச்சர்

2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 'வாட்டர் பெல்' வந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள் என்று காலை 11, பகல் 1, பிற்பகல் 3 மணிக்குத் தனியாக ஒரு மணி அடித்து இரண்டு மூன்று நிமிடம் விடச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பி.எட். மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறவர் அவர். "நல்லதுதான். ஆனா மூணு மணிக்கு ஏழாவது பீரியட் பாதியில நிக்கும். நாப்பது நிமிஷத்துல நடுவுல மூணு போச்சுன்னா பாடத்தை எப்படி முடிக்கிறது? எனக்குத் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தங்க கொடைக்கானல் பக்கம் இருக்காங்க. போய்ப் பாரு" என்றார்.

பூம்பாறை சாலையில் ஓர் அரசுப் பள்ளி. தகரக் கூரை, சுற்றிலும் பூண்டு வயல். ஆறாம் வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள். சுவர்க் கடிகாரம் கரும்பலகைக்கு மேலே இல்லை, எதிர்ச்சுவரில் இருந்தது. "முன்னாடி மாட்டினா பிள்ளைங்க அதையே பாத்துக்கிட்டிருப்பாங்க சார். நேரம் பாக்கவேண்டியது நான்தானே" என்றார் டீச்சர்.

அவர் பாடக்குறிப்பேட்டைக் காட்டினார். கற்றல் விளைவு, துணைக்கருவி என்று வழக்கமான பத்திகள் இருந்தன. அவற்றை வேகமாகப் புரட்டிவிட்டேன். என்னை நிறுத்தியது பென்சிலால் அவரே கோடிழுத்துச் சேர்த்திருந்த ஓரப் பத்தி. அதில் வெறும் நேரங்கள், அதுவும் கீழிருந்து மேலாக எழுதப்பட்டவை. முதலில் 3.20, மணி அடிக்கும் நேரம். அதற்கு மேலே 3.19, நோட்டைச் சேகரிப்பது. அதற்கும் மேலே 3.13, முடிப்பு. இந்த 3.13ஐச் சுற்றி ஒரு வட்டம்.

"முடிப்புக்கு ஆறு நிமிஷத்தை முதல்ல எடுத்து வெச்சிடுவேன் சார். மிச்சம் இருக்கறதுலதான் பாடம். பாடத்தை முதல்ல வெச்சா முடிப்புக்கு மிச்சமே இருக்காது."

ஆசிரியர் பயிற்சியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பகுதி உண்டு. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நிமிடம் பாடம் நடத்திக் காட்டவேண்டும். தொடங்குதல், வினா கேட்டல், விளக்குதல், முடித்தல் எல்லாமே தனித்தனித் திறன்கள். பயிற்சி மாணவர்கள் தொடங்குதலை மெருகேற்றிக்கொண்டே இருப்பார்கள், முடித்தலைப் பெயருக்குச் செய்துவிட்டுப் போவார்கள் என்று நண்பர் அடிக்கடி சொல்வார். வேலைக்கு வந்த பிறகும் அதுதான் நடக்கிறது. மணி அடித்த பிறகு, பிள்ளைகள் பையை மூடிக்கொண்டிருக்கும்போது, 'ஆகவே இன்று நாம் பார்த்தது' என்று ஒரு வாக்கியம். அதுதான் முடிப்பு.

டீச்சருக்கு இந்தக் கணக்கு கல்லூரியில் வரவில்லை. முதலில் வேலை பார்த்தது மலைக்கு உள்ளே ஒரு சிறிய பள்ளியில். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள். நான்காம் வகுப்புக்கு வேலை கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குத் திரும்புவார். ஐந்தாம் வகுப்பில் நேரம் நீண்டால் நான்காம் வகுப்பில் சண்டை தொடங்கிவிடும். கொடுக்கும் வேலை எத்தனை நிமிடம் தாங்கும் என்று முன்கூட்டியே தெரியாமல் அந்த அறையில் பிழைக்க முடியாது. கரும்பலகையில் ஒரு வரி எழுதினால் பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்து எழுத ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும் என்று அங்கேதான் அளந்து வைத்துக்கொண்டார். "நான் அஞ்சு வரியை ஒரு நிமிஷத்துல எழுதிடுவேன். திட்டத்துலயும் ஒரு நிமிஷம்னே போட்டுடுவோம். பிள்ளைங்களுக்கு அஞ்சு நிமிஷம் வேணும். பாடம் நீளுறது அங்கதான். நம்ம வாய்க்கு நேரம் ஒதுக்குறோம், அவங்க கைக்கு ஒதுக்குறதில்லை."

நான் பார்த்த பாடம் அளவீடுகள். வளைந்த கோட்டின் நீளத்தை நூலால் அளப்பது. பீரியட் 2.40க்கு. முதல் மூன்று நிமிடத்தை அவர் பாடத்தில் சேர்ப்பதே இல்லை. இடைவேளை முடிந்து வந்து, ஸ்வெட்டரைச் சரிசெய்து, நோட்டை எடுத்து வைக்க அது போய்விடும். 2.43க்குத் தொடக்கம், நான்கு நிமிடம். பழநியிலிருந்து மலை ஏறும் சாலையைக் கையால் வரைந்த தாள் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இந்த ரோட்டை ஸ்கேலால அளக்க முடியுமா?" என்று கேட்டார். நான்கு நிமிடத்துக்கு நான்கே கேள்விகள் குறித்து வைத்திருந்தார். குறைவாகத் தோன்றலாம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசுவார்கள் என்பது அவர் கண்டது. பொறுக்க வேண்டுமானால் கேள்விகளைக் குறைத்தாக வேண்டும். டீச்சர் மனதுக்குள் மூன்று எண்ணுவது உதட்டில் தெரிந்தது.

2.47க்குச் செய்யவேண்டியதைச் சொன்னார். 2.49க்குப் பொருள்கள். பாடம் அதிகம் ஒழுகுவது இந்த இடத்தில். ஐந்து குழு, ஆளுக்கொரு ஸ்கேல், நூல், தாள் என்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால் ஆறு நிமிடம் போய்விடும். இவர் முந்தின நாளே குழுவுக்கு ஒன்றாக ஐந்து பழைய உறைகளில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார். நூலும் வெட்டியாகிவிட்டது. மலையில் கம்பளி நூல் எளிதில் கிடைக்கும், ஆனால் அது இழுத்தால் நீளும், ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அளவு வரும், அந்தத் தகராறைத் தீர்க்கப் பத்து நிமிடம் வேண்டும் என்று அதைத் தவிர்த்து, முறுக்கிய பருத்தி நூல் வைத்திருந்தார். நேரத்துக்கும் நூலுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.

2.51க்கு அளக்கத் தொடங்கினார்கள். கோட்டின் மேல் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, விரலால் அழுத்திக்கொண்டே போய், முடிவில் பேனாவால் குறியிட்டு, நேராக்கி ஸ்கேலில் வைக்கவேண்டும். ஒன்பது நிமிடம். 2.58க்கு ஒரு குழு இன்னும் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே இருந்தது. டீச்சர் காத்திருக்கவில்லை. ஐந்தில் மூன்று குழு முடித்தால் போதும், வேலையை நிறுத்துவது கடிகாரம்தான் என்பது அவர் வழக்கம். கடைசிக் குழுவுக்காகக் காத்திருந்தால் முடித்த நான்கு குழுவும் வகுப்பைக் கலைத்துவிடும்.

சரியாக 3.00க்கு வாட்டர் பெல். முதல் வாரம் இது அவரை அலைக்கழித்திருக்கிறது. அளந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தால், திரும்பி வந்த பிள்ளைகள் நூலை முதலிலிருந்து வைப்பார்கள். இழப்பு மூன்று நிமிடத்தோடு நிற்காது. அதனால் செய்முறை 3.00க்கு முடியும்படி மாற்றிக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அடுத்த வேலை, அளவுகளைப் பலகையில் எழுதுவது. எப்படியும் தேவைப்படும் ஓர் இடைவெளியின் மேல் மணியை உட்கார வைத்துவிட்டார்.

3.03க்கு ஐந்து எண்கள் வரிசையாக வந்தன: 17.9, 18.1, 18.0, 18.2, 16.5 செ.மீ. கடைசிக் குழு வளைவுகளில் நூலைக் குறுக்கே இழுத்திருக்கிறது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விட்டார். இதற்கிடையே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, பலகை தெரியாமல் போய், முன்பக்கம் கூட்டி உட்கார வைத்ததில் இரண்டு நிமிடம் போனது. அவர் பதறவில்லை. 3.10 முதல் 3.13 வரை ஓரப் பத்தியில் காலியாக விட்டிருந்தார். மழைக்காலத்தில் தகரக் கூரை மேல் மழை விழுந்தால் குரலே கேட்காது, அப்போது அந்த மூன்றை ஐந்தாக்கி, செய்முறையில் இரண்டைக் குறைப்பாராம்.

3.12க்கு ஒரு பையன் எழுந்து கேட்டான். "டீச்சர், பஸ்ஸு வளைவுல வெளிப்பக்கமா திரும்பினா தூரம் கூடுமா?" எனக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. டீச்சர் பலகையின் வலது மூலையில் கேள்வியை அப்படியே எழுதி, அடியில் 'நாளை' என்று போட்டார். 3.13க்கு எல்லோரும் துண்டுத்தாள் எடுத்தார்கள். ஒரே கேள்வி: நூல் வளைவுக்குள் குறுக்கே போனால் அளவு கூடுமா, குறையுமா, ஏன்? நான்கு நிமிடம் எழுத, இரண்டு நிமிடம் பதிலைச் சொல்ல. மணி அடித்தபோது தாள்கள் மேசைக்கு வந்துவிட்டன.

அந்தப் பையனின் கேள்வியை அடக்கியது சரியா என்று அவரிடம் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. பதில் சொல்லாமல் துண்டுத்தாள்களை மூன்று அடுக்காகப் பிரித்தார். பதினாறு பேர் சரி. ஆறு பேர் 'கூடும்' என்று எழுதியிருந்தார்கள். மூவர் ஒன்றும் எழுதவில்லை. "அந்தக் கேள்விக்குள்ள போயிருந்தா இந்த ஒன்பது பேர் இருக்கறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது சார்."

என் கோபம் வேறு பக்கம் திரும்பியது. கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. எட்டுப் பீரியட், நாற்பது நிமிடம் என்றால் நாளுக்கு 320 நிமிடம், ஆண்டுக்கு 1,173 மணி நேரம். தாராளமாகத் தெரிகிறது. ஒவ்வொரு பீரியடிலும் ஆறு நிமிடம் ஒழுகினால் மிஞ்சுவது 34. எட்டால் பெருக்கி 220 நாளுக்குக் கணக்கிட்டால் 997 மணி நேரம். ஆறே நிமிடத்தில் மிகுதி முழுவதும் கரைந்து, சட்டத்தின் அளவுக்குக் கீழே வந்துவிடுகிறோம். அட்டவணையில் நாற்பது என்று எழுதியிருப்பதால் யாருக்கும் அது தெரிவதில்லை. முதல் பீரியடில் வருகைப்பதிவுச் செயலி, சிக்னல் இல்லாத மலையில் அது சுற்றிக்கொண்டிருக்கும் நேரம், 'உடனே அனுப்பவும்' என்று வரும் படிவம், வாசலில் வந்து நிற்கும் சுற்றறிக்கை எல்லாமே பாடவேளையிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. எடுக்கிறவர் தான் இரண்டு நிமிடம்தானே எடுத்தோம் என்று நினைக்கிறார். பாடம் முடியவில்லை என்றால் மட்டும் கணக்கு டீச்சரின் பெயரில் எழுதப்படுகிறது. விளைந்த பூண்டில் எடை போடுகிறவர், ஏற்றுகிறவர், வாங்குகிறவர் எனக் கைக்கொரு பிடி எடுத்துவிட்டு, விளைச்சல் போதவில்லை என்று விவசாயியைக் கேட்பதுபோலத்தான் இது.

நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு டீச்சர், இந்த முறைக்கும் எல்லை உண்டு என்றார். கொதிக்க வைத்து ஆற விடவேண்டிய சோதனை எந்தப் பென்சில் கணக்குக்கும் அடங்காது. அதற்குப் பக்கத்துப் பீரியட் ஆசிரியரிடம் கேட்டு எண்பது நிமிடமாகச் சேர்த்துக்கொள்வார், வேறொரு நாள் திருப்பிக் கொடுப்பார். ஒரு பீரியடில் இரண்டு கருத்து வைத்தால் எவ்வளவு எண்ணினாலும் நீளும். முடிப்புக்கு ஒரே கேள்வி எழுத வரவில்லை என்றால் பாடத்தில் இரண்டு பாடம் இருக்கிறது என்று அறிந்து, திட்டத்தையே பிரித்துவிடுவாராம்.

பிறகு அடுத்த நாள் குறிப்பை எழுதினார். 3.20, 3.19, 3.13 என்று மேலேறி வந்து, தொடக்கம் நான்கு நிமிடம் என்ற இடத்தில் அந்தப் பையனின் பஸ் கேள்வியை வைத்தார். வளைவின் வெளிப்பக்கம் நீளம் கூடும் என்பதைத் தாளில் இரண்டு கோடு போட்டுப் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள், உள்பக்கம் குறுக்கே போனால் ஏன் குறையும் என்பது அந்த ஒன்பது பேருக்கும் அதிலேயே புரிந்துவிடும், தனியாகத் திரும்ப நடத்தவேண்டாம் என்றார். முடிப்புக்கு ஒதுக்கிய ஆறு நிமிடம் மறுநாளில் ஒரு பீரியடை மிச்சப்படுத்தியிருந்தது.