கேப்ஸ் லாக் விளக்கு

கருப்புத் திரையில் மெமரி எண்ணிக்கை ஓடி, ஒற்றை பீப் கேட்ட காலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலைக்கு வந்தவன் நான். பெட்டி எங்கே நின்றது என்று திரையைப் பார்த்தாலே தெரியும். இப்போது அந்த வரிகள் எல்லாவற்றையும் கம்பெனி லோகோ மறைத்துவிடுகிறது.

லோகோ என்றால் போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் ஆட்டோவில் கொண்டுவந்த பெட்டிதான் நினைவுக்கு வரும். மச்சினன் பையன் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தானாம். பிறகு 11-க்குப் போகலாம் என்று பயாஸில் எதையோ மாற்றினானாம். அதிலிருந்து லோகோவோடு சரி. "ஹார்ட் டிஸ்க் போயிருச்சு தம்பி. கல்யாண ஆல்பமெல்லாம் அதுலதான்" என்றார்.

கடையில் எங்களுக்கு மூத்தவரை மாஸ்டர் என்போம். அவர் டிஸ்க் பக்கமே போகவில்லை. லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றுகின்றனவா என்று பார்த்தார். சுற்றினால் விண்டோஸ் எழுந்துவிட்டது, கோளாறு அதற்குள்ளே. இங்கே சுற்றவில்லை. அடுத்து கேப்ஸ் லாக்கைத் தட்டினார். விளக்கு எரியவில்லை.

அந்த விளக்கு போதும் அவருக்கு. ஃபாஸ்ட் பூட் போட்டிருந்தால், நேரம் மிச்சம்பிடிக்க யூஎஸ்பி கீபோர்டை எழுப்பாமலே பயாஸ் போய்விடும். டெலீட்டை எத்தனை தட்டினாலும் அதன் காதில் விழாது. (ஊதா நிற உருண்டைப் பின் வைத்த பழைய கீபோர்டு ஒன்றை இதற்காகவே பத்திரமாக வைத்திருந்தார், அந்த போர்டில் அதற்கு இடமில்லை.)

பவர் வயரைப் பிடுங்கி, போர்டிலிருந்த சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் விட்டுப் போட்டார். செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்த போர்டில் சிஎஸ்எம்மும் தானாக ஆன் ஆனது. விண்டோஸ் வந்துவிட்டது. `msinfo32` திறந்தால், `BIOS Mode` என்ற இடத்தில் `Legacy`.

பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும்: `UEFI:` என்று தொடங்கி ஒன்று, வெறும் பெயரோடு ஒன்று. விண்டோஸ் 10 போடும்போது பையன் இரண்டாவதைத் தொட்டிருக்கிறான். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் அமைந்துவிட்டது. அதைப் புதிய பயாஸில் எழுப்பித் தருவது சிஎஸ்எம். 11-க்காக அதை அணைத்ததும் எழுப்ப ஆளில்லை. சில போர்டுகள் நேராக பயாஸுக்குள் கொண்டுபோய் விடும். இது லோகோவிலேயே நின்றது.

ஆல்பங்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் மாஸ்டர் இதைத் தட்டினார்:

```
mbr2gpt /validate /disk:0 /allowFullOS
```

பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் இது ஒத்துக்கொள்ளாது. இங்கே தேறியது. `/validate` இருந்த இடத்தில் `/convert` போட்டு மாற்றினார். சிஎஸ்எம்மை அணைக்குமுன் கிராபிக்ஸ் கார்டையும் பார்த்துக்கொண்டார். ரொம்பப் பழைய கார்டாக இருந்தால் லோகோகூட வராது.

ஃபாஸ்ட் பூட்டை மட்டும் திரும்பப் போடவில்லை. "அது போட்டா எவ்வளவு நேரம் மிச்சம்?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார்.

"ரெண்டு மூணு செகண்ட். அதுக்குத்தான் ஆட்டோவுக்குக் குடுத்துட்டு வந்தீங்க."