மெமோராண்டத்தில் மூணாவது பத்தி

சித்தப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் பணம் வந்த மாசமே ஒரு ஏஜெண்டும் வந்துட்டார். ரியல் எஸ்டேட் கம்பெனியாம். மூணு லட்சம் போட்டா மாசாமாசம் வட்டி. "கம்பெனி ரிஜிஸ்டர் ஆயிருக்கு சார், மெமோராண்டத்துலயே இருக்கு" என்று ஒரு காப்பியையும் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா அதை என்னிடம் தள்ளிவிட்டார்.

இந்த மெமோராண்டத்தில் நேரா மூணாவது பத்திக்குப் போயிடணும் மக்களே. கம்பெனி எதுக்காக ஆரம்பிக்கப்பட்டதுன்னு அங்கதான் இருக்கும். 2013 சட்டப்படி வந்த கம்பெனின்னா அது ரெண்டு பாகம். 3(a)-வில் முக்கிய நோக்கம். 3(b)-யில் அந்த நோக்கத்தை நிறைவேற்றத் தேவையான காரியங்கள்.

இந்தக் கம்பெனிக்கு 3(a)-வில் இருந்தது ஒரே விஷயம்: நிலம் வாங்கி, மனை பிரித்து விற்பது. 3(b) மட்டும் ரெண்டு பக்கம். அதில் 'கடன் வாங்கலாம்' என்ற வரிக்குக் கீழே ஏஜெண்ட் பேனாவால கோடு போட்டிருந்தார்.

சூட்சுமம் இங்கதான். 3(b) சொந்தக் காலில் நிற்காது, 3(a)-வைப் பிடிச்சிக்கிட்டுதான் நடக்கும். மனை வியாபாரத்துக்காகக் கடன் வாங்கலாம். ஊர் மக்களிடம் வட்டிக்குப் பணம் திரட்டுறதையே ஒரு தொழிலா நடத்த அந்த வரி இடம் கொடுக்காது.

இதை நம்ம மெட்ராஸ் வழக்கு ஒண்ணே சொல்லுது. யுனைடெட் இந்தியா லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1955-ல் ஒரு நினைவு அறக்கட்டளைக்கு ரெண்டு லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தது. பங்குதாரர்கள் கூட்டம் போட்டு ஒத்துக்கிட்டதுதான். நோக்கங்களுக்கு உதவும் மற்ற காரியங்களையும் செய்யலாம் என்று மெமோராண்டத்தில் வரியும் இருந்தது. அடுத்த வருஷம் கம்பெனி எல்.ஐ.சி. கைக்குப் போனதும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தரப்பு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 1962-ல் தீர்ப்பு: அந்த நன்கொடைக்கும் கம்பெனியின் நோக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை, செல்லாது. பங்குதாரர்கள் சம்மதமும் அதைக் காப்பாத்தலை.

ரெண்டு எச்சரிக்கை. சிறப்புத் தீர்மானம் போட்டு, அதாவது போட்ட ஓட்டில் முக்கால்வாசி கிடைத்து, நோக்கத்தை மாத்திக்கலாம். அதனால ஏஜெண்ட் தரும் காப்பியை நம்பாமல், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கட்டணம் கட்டி, கடைசியாகத் திருத்தியதைப் பாருங்க. சித்தப்பாவுக்கு அப்படித்தான் பார்த்தேன். திருத்தம் எதுவும் இல்லை. மூணு லட்சம் பேங்கிலேயே இருக்கு.

இன்னொண்ணு: நோக்கத்தில் எழுதியிருந்தாலே அனுமதி கிடைச்சதா அர்த்தம் இல்லை. டெபாசிட்டுக்குத் தனி விதி, சீட்டுக்குத் தனிச் சட்டம். மூணாவது பத்தியில் இல்லைன்னா அதோட நிறுத்திக்கலாம். இருந்தா, லைசென்ஸ் எங்கேன்னு அடுத்த கேள்வியைக் கேளுங்க.